கோட்டின் மேல் ஒரு வார்த்தை

‘ஆவியாதல் என்றால் என்ன?’ இரண்டு மதிப்பெண் கேள்வி. ‘திரவம் வாயுவாக மாறும் நிகழ்வு’ என்று எழுதினால் முழு மதிப்பெண்.

‘உவர்நீர் என்றால் என்ன?’ அதற்கும் பதில் தயார். ‘இறாலின் வாழ்க்கைச் சுழற்சியை எழுதுக.’ அதையும் படம் போட்டு எழுதியாகிவிட்டது.

மூன்றுக்கும் முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளையிடம் நான்காவதாக ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: ‘பழவேற்காடு ஏரியின் முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டால், ஏரியில் இறால் ஏன் குறைகிறது?’ பெரும்பாலும் பிள்ளை விழிக்கும். பாடத்தில் இருந்த எல்லாம் அந்தப் பிள்ளைக்குத் தெரியும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழிதான் தெரியாது.

பழவேற்காட்டை ஒட்டிய தோணிரேவு போன்ற மீனவக் கிராமங்களில் இந்த நான்காவது கேள்வி வெறும் பாடக் கேள்வி இல்லை. சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலுமாகப் பரந்து கிடக்கிறது. முகத்துவாரம் திறந்திருக்கிறதா, தூர்ந்து கிடக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் அங்கே வலையில் விழுவதும், வீட்டில் உலை கொதிப்பதும். ஏரியைப் பற்றி அங்குள்ள பிள்ளைகளுக்கு நிறையவே தெரியும். அறிவியல் புத்தகத்திலும் நிறையவே இருக்கிறது. இரண்டும் அவர்கள் மனதில் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றனவா என்பதுதான் கேள்வி. அதைக் கண்டுபிடிக்க ஒரு தாளும் பென்சிலும் போதும் என்கிறது ‘கருத்து வரைபடம்’ என்ற முறை.

ஒலிநாடாவில் தொடங்கிய கதை

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1970-களின் தொடக்கத்தில் ஜோசப் நோவாக் என்ற பேராசிரியரும் அவருடைய குழுவும் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினார்கள். ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்குப் பொருள், ஆற்றல் போன்ற அறிவியல் அடிப்படைகளைச் சொல்லிக்கொடுத்தால் நிற்குமா, ஓடிவிடுமா? 191 குழந்தைகளுக்கு ஒலிநாடாவோடு கூடிய பாடங்கள் நடத்தப்பட்டன. அந்தப் பாடங்கள் இல்லாத 48 குழந்தைகள் ஒப்பீட்டுக்கு இருந்தார்கள். பள்ளிப் படிப்பு முடியும்வரை அவ்வப்போது அவர்களை உட்காரவைத்துப் பேசிப் பதிவு செய்தார்கள்.

பிரச்னை அதற்குப் பிறகுதான் வந்தது. கட்டுக்கட்டாகப் பேட்டிகள். ஒரு குழந்தை போன வருடம் என்ன நினைத்தது, இந்த வருடம் அது எப்படி மாறியிருக்கிறது என்பதைப் பக்கம் பக்கமாகப் படித்தும் பிடிக்க முடியவில்லை. அப்போதுதான் ஒவ்வொரு குழந்தையின் பேச்சையும் ஒரே தாளில் படமாக்கும் வழி பிறந்தது. குழந்தை பேசிய கருத்துகளைக் கட்டங்களில் எழுதி, கட்டங்களைக் கோடுகளால் இணைத்து, ஒவ்வொரு கோட்டின் மேலும் அந்தக் குழந்தை சொன்ன உறவை ஒரு வார்த்தையாக எழுதினார்கள். 1972 வாக்கில் உருவான இதுதான் கருத்து வரைபடம். ஆரம்பத்தில் பாடம் சரியாக அமர்ந்திருக்கிறதா என்று பார்க்கப் பயன்பட்ட கருவி இது என்பதைக் கவனிக்க வேண்டும்.

பன்னிரண்டு ஆண்டு கழிந்த பிறகு கிடைத்த முடிவை நோவாக்கும் டிஸ்மாஸ் முசோண்டாவும் 1991-ல் வெளியிட்டார்கள். சிறுவயதில் அந்தப் பாடங்களைக் கேட்ட குழந்தைகளிடம் பள்ளி முடியும்போது சரியான கருத்துகள் அதிகமாகவும், தவறான கருத்துகள் குறைவாகவும் இருந்தன. முதலில் கிடைத்த சில சரியான கருத்துகள், பின்னால் வந்தவற்றைப் பிடித்துக்கொள்ளும் கொக்கிகளாக இருந்திருக்கின்றன.

டேவிட் ஆசுபெல் என்ற உளவியலாளர் ஏற்கெனவே சொல்லிவந்த கருத்தின் மேல்தான் நோவாக் இதைக் கட்டினார். புதிய பாடம் எதில் போய் ஒட்டிக்கொள்ளும் என்பது, பிள்ளைக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்பதைப் பொறுத்தது என்பது ஆசுபெல்லின் வாதம். அப்படியானால் பாடம் நடத்துவதற்கு முன்பே அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா?

நம் பள்ளியில் பார்த்த படம் வேறு

‘இதெல்லாம் எங்கள் பிள்ளை செய்ததுதானே’ என்று சில பெற்றோருக்குத் தோன்றலாம். தமிழக அரசுப் பள்ளிகளில் படைப்பாற்றல் கல்வி முறை வந்தபோது ‘மனவரைபடம்’ என்ற ஒன்று வகுப்பறைகளில் பரவலானது. நடுவில் ‘நீர்’ என்று எழுதி வட்டம் போடுவார்கள். அதிலிருந்து கிளை கிளையாக ‘ஆறு’, ‘மழை’, ‘கடல்’ என்று விரியும். பாடத்தை நினைவுபடுத்திக்கொள்ள அது நல்ல உதவி.

ஆனால், அந்தக் கோடுகளில் ஒன்றும் எழுதியிருக்காது. ‘கடல்’ என்பதற்கும் ‘மழை’ என்பதற்கும் நடுவே வெறும் கோடு இருந்தால் அந்தப் பிள்ளை என்ன நினைத்தது? கடல்நீர் ஆவியாகி மழை ஆகிறது என்றா, மழை கடலில் கொட்டுகிறது என்றா, கடலில் மழை பெய்யாது என்றா? மூன்றுமே அந்தக் கோட்டுக்குப் பொருந்தும்.

கருத்து வரைபடத்தில் கோடு வாய் திறந்து பேசியாக வேண்டும். ஒரு கட்டம், கோட்டின் மேல் ஒரு சொல், இன்னொரு கட்டம் என மூன்றையும் சேர்த்துப் படித்தால் ஒரு முழு வாக்கியம் வர வேண்டும். அந்த வாக்கியம் சரியா, தவறா என்று சொல்ல முடிய வேண்டும். இந்தச் சின்ன வித்தியாசம்தான் படத்தைத் தேர்வுத்தாளாக மாற்றுகிறது.

தோணிரேவில் ஒரு வகுப்பு

எட்டாம் வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியை முதலில் கரும்பலகையில் ஒரு கேள்வியை எழுதுகிறார்: ‘முகத்துவாரம் அடைபட்டால் ஏரியில் இறால் ஏன் குறைகிறது?’ வரைபடம் ஒரு தலைப்புக்காக இல்லாமல் ஒரு கேள்விக்காக வரையப்படும்போது பிள்ளைகள் விலகிப் போவதில்லை.

அடுத்து பத்துச் சொற்களைத் தனித்தனித் துண்டுச் சீட்டுகளில் எழுதச் சொல்கிறார். ஏரி, முகத்துவாரம், மணல், கடல்நீர், ஆற்றுநீர், ஆவியாதல், உப்புத்தன்மை, தாய் இறால், முட்டை, இறால் குஞ்சு. சீட்டாக இருந்தால் நகர்த்தி நகர்த்தி வைத்துப் பார்க்கலாம். நேரடியாகத் தாளில் எழுதினால், முதலில் எழுதிய இடத்தை மாற்ற மனம் வராது. பத்துச் சொல்லுக்கு மேல் போனால் புதிதாக வரைபவர்களுக்குக் கண்ணைக் கட்டும்.

சீட்டுகளை ஒழுங்குபடுத்தி ஒட்டியதும் கோடு போட வேண்டும். கோட்டுக்கு அம்புக்குறி அவசியம். கோட்டின் மேல் சொல்லும் அவசியம். புத்தகம் மூடியிருக்க வேண்டும். ஒரு மாணவியின் தாளில் இப்படி ஒன்பது கோடுகள் வந்ததாக வைத்துக்கொள்வோம்.

ஏரி → கடலோடு சேரும் இடம் → முகத்துவாரம்
மணல் → அடைக்கிறது → முகத்துவாரம்
முகத்துவாரம் → உள்ளே விடுகிறது → கடல்நீர்
ஆற்றுநீர் → குறைக்கிறது → உப்புத்தன்மை
ஆவியாதல் → குறைக்கிறது → உப்புத்தன்மை
தாய் இறால் → இடுகிறது → முட்டை
முட்டை → பொரித்து வருகிறது → இறால் குஞ்சு
முட்டை → இங்கேதான் பொரிக்கிறது → ஏரி
ஆற்றுநீர் → மழைக்காலத்தில் உடைத்துத் திறக்கிறது → முகத்துவாரம்

இந்த ஒன்பது வரிகளையும் ஆசிரியை எப்படிப் படிக்கிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

தவறான கோடு சொல்லும் கதை

முதலில் கண்ணில் படுவது ஐந்தாவது கோடு. ‘ஆவியாதல் உப்புத்தன்மையைக் குறைக்கிறது.’ தவறு. ஆனால், இந்த மாணவி ஆவியாதலுக்கு விளக்கம் கேட்டால் பிழையில்லாமல் எழுதுவாள். தண்ணீர் போகிறது என்றால் அதோடு எல்லாமே குறைகிறது என்று எண்ணியிருக்கலாம். அல்லது, உப்பும் தண்ணீரோடு சேர்ந்து மேலே போய்விடுகிறது என்று நினைத்திருக்கலாம். அதுவும் இல்லையென்றால், மேலே இருந்த ‘குறைக்கிறது’ என்ற சொல்லைக் கை பழக்கத்தில் மறுபடி எழுதியிருக்கலாம். எது என்று தெரிய வேண்டுமானால் ஒரு கேள்வி போதும்.

“உப்பளத்துல தண்ணி வத்தினா என்ன மிஞ்சும்?”

“உப்பு, டீச்சர்.”

“அப்போ ஏரியில வத்தினா?”

கைதவறி எழுதியவள் உடனே கோட்டை அழித்துத் திருத்திவிடுவாள். நிஜமாகவே அப்படி நினைத்தவள் யோசிப்பாள். அவளுக்காக அடுத்த நாள் பாடம் காத்திருக்கிறது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. ஒரு வாளியில் 10 லிட்டர் கடல்நீர் என்றால் 350 கிராம். வெயிலில் பாதித் தண்ணீர் போய்விட்டால் 5 லிட்டர் மிஞ்சும். உப்பு அதே 350 கிராம். இப்போது லிட்டருக்கு 70 கிராம். ஏரி ஆழம் குறைந்தது, கடலிலிருந்து புதுத் தண்ணீர் வரும் வழியும் தூர்ந்துவிட்டால், கோடையில் ஏரி கடலைவிடவும் கரிப்பது ஏன் என்று அவளே சொல்லிவிடுவாள்.

அடுத்தது எட்டாவது கோடு. ‘முட்டை ஏரியில்தான் பொரிக்கிறது.’ இதுவும் தவறு. ஆனால், சும்மா வந்த தவறு இல்லை. பொடிப்பொடியான இறால் குஞ்சுகளை அவள் ஏரியில் கண்ணால் பார்த்திருக்கிறாள். குஞ்சு இங்கே இருந்தால் முட்டையும் இங்கேதான் இருந்திருக்கும் என்பது நியாயமான ஊகம். பார்த்தது சரி, முடிவு தவறு. வெள்ளை இறால் போன்ற வகைகள் முட்டையிடுவது கடலில். அங்கேயே பொரித்துப் பல பருவங்களைக் கடந்து, ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வந்த குஞ்சுகள்தான் கடல் ஏற்றத்தோடு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வருகின்றன. ஆழமற்ற, இரை நிறைந்த ஏரியில் சில மாதங்கள் வளர்ந்து, முட்டையிட மறுபடி கடலுக்குத் திரும்புகின்றன.

இப்போது வரைபடத்தை மறுபடி பார்த்தால் இன்னொன்று தெரியும். ‘இறால் குஞ்சு’ என்ற கட்டத்துக்கும் ‘முகத்துவாரம்’ என்ற கட்டத்துக்கும் நடுவே கோடே இல்லை. கேட்ட கேள்விக்கான பதிலே அந்தக் கோடுதான். இருக்கும் தவறான கோட்டைக் கண்டுபிடிப்பது எளிது. இல்லாத கோட்டைக் கண்டுபிடிக்க, எந்தெந்தக் கோடுகள் கட்டாயம் வேண்டும் என்பதை ஆசிரியை முன்கூட்டியே குறித்து வைத்திருக்க வேண்டும். இந்தக் கேள்விக்கு மூன்று போதும்: முட்டை கடலில், குஞ்சு முகத்துவாரம் வழியாக, மணல் அதை அடைக்கிறது.

கடைசியாக ஒன்பதாவது கோடு. ‘ஆற்றுநீர் மழைக்காலத்தில் முகத்துவாரத்தை உடைத்துத் திறக்கிறது.’ ஆசிரியையின் விடைத்தாளில் இது இல்லாமல் இருக்கலாம். ஆனால் உண்மை. வடகிழக்குப் பருவமழையில் ஆரணி ஆற்றில் வெள்ளம் வந்து ஏரி நிரம்பும்போது, தண்ணீரின் வேகம் மணல் திட்டை உடைத்துக்கொண்டு கடலுக்கு ஓடும். அப்பாவோ தாத்தாவோ சொல்லிக் கேட்டதை இந்தப் பெண் பாடத்துக்குள் கொண்டுவந்திருக்கிறாள். இரண்டு தனித்தனிப் பகுதிகளை இணைக்கும் இப்படிப்பட்ட கோட்டுக்குக் குறுக்கு இணைப்பு என்று பெயர். பிள்ளை சொந்தமாக யோசித்திருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் வரைபடத்தில் கிடையாது.

மதிப்பெண் போடலாமா?

நோவாக்கும் பாப் கோவினும் 1984-ல் எழுதிய புத்தகத்தில் ஒரு கணக்கு கொடுத்தார்கள். சரியான ஒவ்வொரு கோட்டுக்கும் 1 மதிப்பெண். பொதுவான கருத்து மேலே, குறிப்பான கருத்து கீழே என்று சரியாக அமைந்த ஒவ்வொரு அடுக்குக்கும் 5. அர்த்தமுள்ள குறுக்கு இணைப்புக்கு 10. எடுத்துக்காட்டுக்கு 1.

நம் மாணவிக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். ஏழு கோடுகள் சரி, அதற்கு 7. மூன்று அடுக்கு சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டால் 15. ஒரு குறுக்கு இணைப்புக்கு 10. மொத்தம் 32.

பக்கத்தில் இருக்கும் மாணவன் ஆறே கோடுகள் போட்டிருக்கிறான். ஆறும் சரி. கட்டாயம் வேண்டிய மூன்றும் அதில் உண்டு. அடுக்கு இரண்டுதான், குறுக்கு இணைப்பு இல்லை. 6-ம் 10-ம் சேர்ந்து 16. கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்தவனுக்கு, தெரியாதவளைவிடப் பாதி மதிப்பெண்!

அந்தக் கணக்கு பயனற்றது என்று இதற்கு அர்த்தம் இல்லை. விரிவையும் இணைப்பையும் அது நன்றாகவே அளக்கிறது. ஆனால், கூட்டுத்தொகை என்ற ஒற்றை எண், நடுவில் இருக்கும் ஓட்டையை மூடிவிடுகிறது. கருத்து வரைபடங்களைத் தேர்வுக்குப் பயன்படுத்துவது பற்றி 1996-ல் விரிவாக ஆராய்ந்த ருயிஸ்-பிரிமோ, ஷாவெல்சன் என்ற இரு ஆய்வாளர்களும் எச்சரிக்கையாகவே பேசினார்கள். வரையச் சொல்லும் விதமும் திருத்தும் விதமும் ஆளுக்கு ஆள் மாறுகின்றன, எந்த முறை எதை அளக்கிறது என்று சோதிக்காமல் பெரிய தேர்வுகளில் இறக்கக் கூடாது என்பது அவர்கள் கருத்து.

வகுப்பறைக்கு இதைவிட எளிய வழி உண்டு. ஒவ்வொரு கோட்டையும் வாக்கியமாகப் படித்து, தவறு என்றால் 0, சரி ஆனால் மேலோட்டம் என்றால் 1, துல்லியம் என்றால் 2. ‘கடல்நீரில் உப்புத்தன்மை இருக்கிறது’ என்பதற்கு 1. ‘கடல்நீர் ஏரியின் உப்புத்தன்மையைச் சீராக வைக்கிறது’ என்பதற்கு 2. அதோடு, கட்டாயக் கோடுகள் மூன்றில் எத்தனை வந்திருக்கின்றன என்பதைத் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டையும் கூட்டக் கூடாது. விடைத்தாளில் இல்லாத கோடு வந்தால், அடிப்பதற்கு முன் அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். இல்லையென்றால் ஆற்று வெள்ளம் பற்றிய அந்த ஒன்பதாவது கோடு சிவப்பு மையில் போய்விடும்.

தமிழில் வரையும்போது

இந்த முறை ஆங்கிலத்தில் பிறந்தது. ஆங்கில வாக்கியத்தில் வினைச்சொல் நடுவில் வரும். அதனால் கட்டம், கோடு, கட்டம் என்று படித்தாலே வாக்கியம் ஆகிவிடும். தமிழில் வினை கடைசியில் வருகிறது. ‘மணல் அடைக்கிறது முகத்துவாரம்’ என்று யாரும் பேசுவதில்லை. யார் யாரை அடைக்கிறார் என்பதை நமக்குச் சொல்வது வேற்றுமை உருபு. கட்டத்துக்குள் தனிச்சொல்லாக எழுதும்போது அந்த உருபு காணாமல் போகிறது.

ஆகவே தமிழ்ப் பிள்ளைகளுக்கு இரண்டு பழக்கங்கள் தேவை. ஒன்று, கோட்டின் மேல் உருபையும் சேர்த்து எழுதுவது: ‘-ஐ அடைக்கிறது’, ‘-இல் முட்டையிடுகிறது’, ‘-வழியாக வருகிறது’. இரண்டு, வரைந்து முடித்ததும் ஒவ்வொரு கோட்டையும் முழுத் தமிழ் வாக்கியமாக வாய்விட்டுச் சொல்வது: ‘மணல் முகத்துவாரத்தை அடைக்கிறது.’ சொல்லும்போது நாக்கு தடுக்கும் இடத்தில் பெரும்பாலும் கருத்தும் தடுக்கியிருக்கும்.

இணைப்புச் சொல்லில் இன்னொரு வழுக்கல் உண்டு. ‘தொடர்பு உள்ளது’, ‘சம்பந்தப்பட்டது’ போன்ற சொற்கள் எந்தக் கோட்டிலும் உட்காரும், எதையும் சொல்லாது. மும்பையில் இருக்கும் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தைச் சேர்ந்த மீனா கரத்மலும் ஜி.நாகார்ஜுனாவும் இந்த இணைப்புச் சொற்களைப் பற்றித்தான் கவலைப்பட்டார்கள். அவரவர் விருப்பத்துக்குச் சொல்லைப் போட்டால் அர்த்தம் மங்கிவிடுகிறது, பகுதியா, வகையா, பண்பா, செயலா என்று உறவைத் தெளிவாகப் பிரித்துக் காட்டும் குறிப்பிட்ட சொற்களையே பயன்படுத்தலாம் என்று 2006-ல் கோஸ்டா ரிக்காவில் நடந்த கருத்து வரைபட மாநாட்டில் முன்வைத்தார்கள். வகுப்பில் இதை ஒரே விதியாகச் சுருக்கலாம்: ‘தொடர்பு’ என்ற சொல்லுக்குத் தடை.

புத்தகத்தை ஏன் மூட வேண்டும்?

2011-ல் பர்டியூ பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி கார்பிக்கியும் ஜானெல் பிளன்ட்டும் கருத்து வரைபடத்துக்கு ஓர் அதிர்ச்சி கொடுத்தார்கள். ஒரு பிரிவு மாணவர்கள் அறிவியல் பாடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வரைபடம் வரைந்தார்கள். இன்னொரு பிரிவினர் பாடத்தைப் படித்துவிட்டு, மூடி வைத்து, நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில், மூடி வைத்து எழுதியவர்களே நன்றாகச் செய்தார்கள். இணைப்புகளைப் பற்றிய கேள்விகளிலும் அவர்களே முந்தினார்கள்.

காரணத்தை ஊகிப்பது கடினம் இல்லை. பாடம் கண்ணெதிரே இருந்தால் கை மட்டும் வேலை செய்யும். அங்கிருக்கும் வாக்கியத்தை இங்கே கட்டமாக மாற்றுவதில் நினைவுக்கு வேலை இல்லை. அதே இருவரும் 2014-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், பாடத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து வரைந்தபோது வரைபடமும் எழுத்துக்கு இணையாகப் பலன் தந்தது. குறை படத்தில் இல்லை, திறந்திருந்த புத்தகத்தில்தான் இருந்தது.

இதே காரணத்தால்தான், பாடநூலின் கடைசியில் அச்சிட்டிருக்கும் வரைபடத்தை மனப்பாடம் செய்து எழுதுவதால் பயன் குறைவு. பாதி கட்டங்களை நிரப்பிக் கொடுத்து, மீதியை ‘கோடிட்ட இடம்’ போல நிரப்பச் சொல்வதும் அப்படியே. திருத்துவதற்கு அது சுலபம். ஆனால், இரண்டையும் ஒப்பிட்ட ருயிஸ்-பிரிமோ குழுவின் 2001-ம் ஆண்டு ஆய்வு, மாணவர்களின் அறிவில் உள்ள வேறுபாட்டை முதலிலிருந்து தானே வரையும் முறைதான் நன்றாகக் காட்டுகிறது என்றது. எலும்புக்கூட்டை நாமே கொடுத்துவிட்டால், பிள்ளையின் எலும்புக்கூடு எப்படி இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

இந்த முறைக்கு நேரம் பிடிக்கும் என்பது உண்மை. வரையக் கற்றுக்கொடுக்கவே ஒரு பாடவேளை போகும். நாற்பது பேருடைய தாளையும் கோடு கோடாகப் படிப்பது ஓர் ஆசிரியருக்குச் சின்ன வேலை இல்லை. அதனால் எல்லாப் பாடத்துக்கும் இது தேவையில்லை. இயற்பியலும் உயிரியலும் புவியியலும் ஒரே இடத்தில் சந்திக்கும் பாடங்களுக்கு, பருவத்துக்கு ஒன்றோ இரண்டோ போதும். பாடத்துக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை அதே பத்துச் சொற்களோடு வரையவைத்து, இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தால் எந்தக் கோடு மாறியது, எது அசையவே இல்லை என்று ஒரு பார்வையில் தெரியும். ‘முட்டை ஏரியில் பொரிக்கிறது’ என்ற கோடு இரண்டாவது தாளிலும் அப்படியே இருந்தால், நடத்திய பாடம் அந்த இடத்தைத் தொடவே இல்லை என்று பொருள்.

வீட்டிலும் செய்யலாம். பிள்ளை படித்து முடித்த பாடத்திலிருந்து ஆறு சொற்களை மட்டும் எடுத்துச் சீட்டில் எழுதுங்கள். புத்தகத்தை வாங்கி வைத்துவிட்டு, ‘இதுல எது எதோட சேரும்? ஏன்?’ என்று கேளுங்கள். பாடம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. கோட்டின் மேல் எழுதியதைச் சத்தமாகப் படிக்கச் சொன்னால் போதும்.

தோணிரேவு மாணவியின் திருத்திய தாளில் இப்போது ஒரு கோடு கூடியிருக்கும்: ‘இறால் குஞ்சு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வருகிறது.’ அந்த ஒரு வரி வந்துவிட்டால், முகத்துவாரம் தூர்ந்துவிட்டது என்று வீட்டில் பெரியவர்கள் பேசிக்கொள்ளும்போது, அடுத்த சில மாதங்களில் வலையில் என்ன குறையும் என்பது அவளுக்கும் தெரியும்.